மாத்திரை கொடுக்காத லயங்கள்

குன்னூர் ஆஸ்பத்திரியில் எங்கள் ஆய்வுக்கென்று ஒதுக்கியிருந்த அறை பிரசவ வார்டுக்குப் பின்னால், துணி வெளுக்கும் இடத்தை ஒட்டி இருந்தது. மழைக்காலத்தில் ஒருநாள் டாக்டரம்மா ஒரு கவரைக் கொண்டுவந்து என் மேஜைமேல் போட்டார்.

"படிச்சுப் பாருங்க. நாம எழுதினது யாருக்கும் புரியலையாமா."

ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை. பணத்தை இன்னொரு கட்டத்துக்கு நீட்டிக்கலாமா என்று முடிவு செய்கிற குழுவில் டாக்டர்கள் இரண்டொருவர்தான். மற்றவர்கள் வியாபாரிகள், பாதிரிமார்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். அவர்களுக்காக ஒரு பக்கச் சுருக்கம் கேட்டிருந்தார்கள். டாக்டரம்மா எழுதி அனுப்பியது திரும்பி வந்துவிட்டது. மருத்துவம் படிக்காத ஒருவர் படித்தால் விளங்க வேண்டும்; எதற்காகச் செய்தீர்கள், யாரிடம் என்ன செய்தீர்கள், என்ன தெரியவந்தது, எது இன்னும் தெரியவில்லை, அடுத்து என்ன செய்ய நினைக்கிறீர்கள் என்று நேராகச் சொல்ல வேண்டும்; அதையே சந்தாதாரர்களுக்கு அனுப்பும் தங்கள் பத்திரிகையிலும் போடுவோம் என்று விளக்கமாக எழுதியிருந்தார்கள். மரியாதையான கடிதம்தான். ஆனால் டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்திருந்தது.

"எனக்கு இப்படி எழுத வராதுங்க. மொதல்ல நீங்க தமிழ்ல எழுதுங்க. நான் அதை இங்கிலீஷ்ல கொண்டு போயிக்கறேன்."

அவர் கோயமுத்தூர்க்காரர். என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். நான் சிலோனில் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்துவிட்டு, கப்பலில் வந்து, திரும்பி வந்தவர்களை வைத்திருந்த மண்டபம் கேம்ப்பில் கிடந்து, பிறகு இந்த மலைக்கு வந்தவள். என்னைப்போல் வந்தவர்கள் கட்டபெட்டுப் பக்கத்துத் தோட்டங்களில், தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயங்களில், நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களோடு அவர்கள் பேச்சிலேயே பேச ஆள் வேண்டும் என்றுதான் டாக்டரம்மா என்னை வேலைக்கு எடுத்தார். லயத்துப் பெண்கள் என்னை மிஸ்ஸி என்றார்கள். சிலோனில் நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம். நான் நர்ஸ் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் மிஸ்ஸிதான்.

ஆய்வு இதுதான். தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு ரத்தம் குறைவு. கர்ப்பமானால் இன்னும் குறையும். அவர்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை தினமும் கொடுத்துவந்தால் தாயின் ரத்தம் ஏறுமா, பிறக்கிற பிள்ளையின் எடை கூடுமா என்று பார்ப்பது. விரல்நுனியில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, அமிலம் கலந்து, பக்கத்திலிருக்கும் பழுப்பு நிறக் கண்ணாடியின் நிறத்துக்கு வரும்வரை தண்ணீர் சேர்த்து அளவு பார்ப்போம். எல்லா லயத்திலும் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ரத்தம் பார்த்தோம். மாத்திரை கொடுத்தது பாதி லயங்களுக்கு மட்டும். எந்தப் பாதி என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்தோம்.

டாக்டரம்மா எழுதிய பழைய சுருக்கத்தை எடுத்துவைத்துக்கொண்டு நான் தமிழில் எழுத ஆரம்பித்தேன். அவர் எழுதியிருந்ததில் ஒரு சொல் என்னைத் தடுத்தது. மாத்திரை கொடுக்காத பாதிக்கு ஆய்வு மொழியில் 'கன்ட்ரோல் குரூப்' என்று பெயர். நான் அதைக் 'கட்டுப்பாட்டுக் குழு' என்று எழுதி, டைப் அடிப்பவரிடம் கொடுத்தேன். அவர் பஜாரில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆஸ்பத்திரிக் கடிதங்களையெல்லாம் அவர்தான் அடிப்பார். பாதி அடித்துவிட்டுக் கையை எடுத்தார்.

"ஏனுங்க, இந்தக் கட்டுப்பாட்டுக் குழுன்னா யாருங்க? கட்டுப்பாடா நடந்துக்கிட்டவங்களா?"

நான் சிரித்துவிட்டேன். "இல்லண்ணே. மாத்திரை குடுக்காதவங்க."

"குடுத்தும் வேண்டாம்னவங்களா?"

"இல்ல. நாங்க குடுக்கல."

அவர் காகிதத்தை மெஷினிலிருந்து உருவினார். "அப்ப அப்படியே எழுதிருங்களேன்" என்றார். குரலில் குற்றம் எதுவும் இல்லை. புரியாததைப் புரியும்படி ஆக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

நான் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு எழுதினேன்: 'எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ரத்தம் குறைவாக இருப்பதைப் பார்த்தோம். பாதிப் பேருக்கு மாத்திரை கொடுத்தோம். மீதிப் பாதிப் பேருக்குக் கொடுக்காமல், அவர்களுக்கு என்ன ஆகிறது என்று கவனித்தோம்.'

எழுதி முடித்துவிட்டு இன்னொரு முறை வாசித்தேன். எல்லாம் முன்பே தெரிந்த விஷயம்தான். நானே அந்த லயங்களுக்குப் போய் ரத்தம் எடுத்தவள். ஆனாலும் அதுவரை அந்த மூன்று வாக்கியங்களாக அதை நான் மனதுக்குள்கூடச் சொல்லிப் பார்த்ததில்லை.

டாக்டரம்மா படித்தார். மூன்றாவது வாக்கியத்தில் விரலை வைத்தார்.

"இது என்னங்க?"

"நாம செஞ்சதுதானேம்மா."

"செஞ்சதுதான். ஆனா இப்படிப் படிச்சா நாம என்னமோ கொலைகாரங்க மாதிரி இருக்குதே." எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். "மாத்திரைக்குப் பணம் பாதிப் பேருக்குத்தான் இருந்துச்சு. ஒரு பாதிக்குக் குடுக்காம இருந்தாத்தான் மாத்திரையால ஏறுச்சா தானா ஏறுச்சான்னு சொல்ல முடியும். ரொம்ப மோசமா இருந்தவங்களை எந்த லயமா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டோம். அதையெல்லாம் எழுதுங்க."

"எழுதறேன். ஆனா இந்த வரியும் இருக்கணுங்களே?"

அதற்குள் வார்டில் யாரோ கூப்பிட, போய்விட்டார்.

நான் அவர் சொன்னதையெல்லாம் சேர்த்தேன். அந்த வரியையும் எடுக்காமல் அப்படியே வைத்தேன். பிறகு, யாரும் கேட்காத ஒரு பத்தியையும் எழுதினேன்.

அது ஒரு பெண்ணைப் பற்றியது. மண்டபம் கேம்ப்பில் எங்களுக்கு அடுத்த தடுப்பில் இருந்தவள். அவள் புருஷன் வெள்ளந்தியாகப் பேசுகிறவன். சிலோனில் நமக்குப் பிள்ளைக்காம்பரா இருந்தது, வேலைக்குப் போகையில் பிள்ளையை அங்கே விடலாம், இங்கே இருக்குமோ இருக்காதோ என்று அவள் அப்போதே கவலைப்படுவாள். பிள்ளையே இல்லாமல் கவலைப்படுகிறாள் என்று நாங்கள் கேலி செய்வோம். கட்டபெட்டுப் பக்கத்துத் தோட்டத்தில் அவர்களைத் திரும்பப் பார்த்தபோது அவள் முழுகாமல் இருந்தாள். அவள் லயம் சீட்டில் மாத்திரை இல்லாத பக்கம் விழுந்திருந்தது. அவள் விரலில் நான்தான் குத்தினேன். ரத்தம் குறைவு. ஆனால் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று நாங்கள் போட்டிருந்த கோட்டுக்குச் சற்று மேலே. அதனால் அனுப்பவில்லை. லயக் காம்பராவிலேயே, அவர்கள் குடியிருந்த அந்த ஒற்றை அறையிலேயே, பிரசவம் ஆயிற்று. பெண் பிள்ளை. ரத்தப்போக்கு நிற்கவில்லை. தோட்டத்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வெலிங்டன் தாண்டும்போதே உயிர் போய்விட்டது.

இதைத்தான் சுருக்கத்தின் நடுவில் எழுதியிருந்தேன். பேர் போடவில்லை. டாக்டரம்மா அந்தப் பத்தியை இரண்டு தடவை படித்துவிட்டுப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"பேர் இல்லாட்டியும் அந்தத் தோட்டத்துல எல்லாருக்கும் யாருன்னு தெரியும். அவ புருஷன் தினமும் வேலைக்குப் போற இடம்."

"சரிங்க. ஊரை மாத்தி எழுதறேன்."

"அது மட்டும் இல்லீங்க." அவர் என் எதிரில் உட்கார்ந்தார். குரல் தணிந்திருந்தது. "இதைப் படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க? மாத்திரை குடுக்காததால செத்தாங்கன்னு நினைப்பாங்க. அது நமக்குத் தெரியுமா? நல்ல ரத்தம் இருக்கறவங்களுக்கும் அப்படிப் போக்கு வந்தா, ரோட்டுல உசுரு போகலாம். ரத்தம் குறைவா இருந்தா தாங்கற சக்தி கம்மி, அதை வேணா சொல்லலாம். ஒரு சாவைக் காட்டி நம்ப வைக்கறது சுலபம். நாம கண்டுபிடிக்காததை நாம கண்டுபிடிச்ச மாதிரி சொல்லக் கூடாது."

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பக்கத்தில் அவளுக்கு ஒரு வரி இடம்கூட இல்லையே என்று இருந்தது.

அடுத்து இன்னொரு சிக்கல். மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு ரத்தம் ஏறியிருந்தது. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பிறந்த குழந்தைகளின் எடையில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இருப்பதாக எங்களால் காட்ட முடியவில்லை. நான் 'குழந்தைகளின் எடையில் வித்தியாசம் இல்லை' என்று எழுதியிருந்தேன். டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"வித்தியாசம் இல்லைன்னு நமக்கு எப்படித் தெரியும்? நாம பார்த்த பிள்ளைங்க கொஞ்சம். சின்ன வித்தியாசம் இருந்தா இத்தனை கொஞ்சத்துல தெரியாது. இல்லைன்னு எழுதினா, நாளைக்கு ஒரு தொரை இதைக் காட்டி மாத்திரையால பிள்ளைக்கு ஒண்ணும் ஆகறதில்லைன்னு நிறுத்திருவாரு."

அந்த ஒரு வாக்கியத்தோடு அன்று மத்தியானம் முழுக்க மல்லுக்கட்டினோம். கடைசியில் இப்படி வந்தது: 'பிள்ளைகளின் எடை கூடியதா என்று எங்களால் சொல்ல முடியவில்லை. நாங்கள் பார்த்த பிள்ளைகள் குறைவு. கூடியிருக்கலாம், கூடாமலும் இருந்திருக்கலாம். தெரிந்துகொள்ள இன்னும் நிறையப் பேரைப் பார்க்க வேண்டும்.' டைப் அடிப்பவர் அதைப் படித்துவிட்டு, "இது வெளங்குது. தெரியலைன்னு சொல்றீங்க" என்றார். டாக்டரம்மாவுக்கு அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது.

அனுப்புவதற்கு முன்னால் லயத்தில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று சொன்னது நான். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் புரிகிறதா என்று பார்க்கலாம் என்றேன். அதுவும் உண்மைதான். ரத்தம் கொடுத்தவர்கள் ஒரு தரமாவது கேட்கட்டும் என்ற எண்ணமும் எனக்குள் இருந்தது. ஆய்வுக்கு நாங்கள் அனுமதி வாங்கியது தோட்டத்து மேனேஜரிடம். பெண்களிடம், ரத்தம் பார்க்கிறோம், கையை நீட்டுங்கள் என்றதோடு சரி. அந்தக் காலத்தில் அப்படித்தான் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் டாக்டரம்மாவும் பஸ் ஏறிப் போனோம். தூறலாக இருந்தது. தோட்டத்துப் பஜனைக் கூடத்தில் ஆட்கள் கூடினார்கள். பெண்கள் முன்னால் சாக்கு விரித்து உட்கார்ந்தார்கள், ஆண்கள் வாசலில் நின்றார்கள். இரண்டு பக்கத்து லயத்து ஆட்களும் இருந்தார்கள். நான் வாசித்தேன். ரத்தம், மாத்திரை, மாத்திரையால் மலம் கறுப்பாகப் போவது, குமட்டல் என்று வந்த இடங்களில் பெண்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். ஒருத்தி, "அந்தக் குமட்டல் எங்க வீட்டாளுக்கு வந்திருந்தாத் தெரியும்" என்றாள்.

மூன்றாவது வாக்கியத்தை வாசித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

வாசலில் நின்ற ஆண்களிலிருந்து, இறந்துபோனவளின் புருஷன் முன்னால் வந்தான். தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்தான். கையில் பிள்ளை இல்லை; அதை மனைவியின் அக்காள் வளர்ப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

"அத இன்னொருக்கா வாசிங்க தங்கச்சி."

வாசித்தேன்.

"எங்க லயத்துக்குப் பொறவு வரும்னுதான நாங்க நெனச்சிக்கிட்டிருந்தோம். மாத்திரை இருந்தும் குடுக்கலயா, இல்ல இல்லாமலா குடுக்கல?"

நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் எழுந்து நின்றார்.

"எல்லாருக்கும் குடுக்கப் பணம் இல்லீங்க. யாருக்குக் குடுக்கறதுன்னு சீட்டுப் போட்டோம்."

"சீட்டா?" அவன் அந்தச் சொல்லை மெதுவாகச் சொன்னான். "எங்கள இங்க அனுப்பவும் சிலோன், இந்தியா ரெண்டு கவுருமெண்டும் இப்படித்தான் பங்கு போட்டுக்கிட்டாங்க. இவ்வளவு பேரு உனக்கு, இவ்வளவு பேரு எனக்குன்னு. பரவால்ல. மாத்திரை தின்னிருந்தா அவ பொழச்சிருப்பாளா?"

முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் தலையை நிமிர்த்தி டாக்டரம்மாவைப் பார்த்தார்கள்.

"தெரியாதுங்க" என்றார் டாக்டரம்மா. "பொழச்சிருக்கலாம். பொழைக்காமலும் போயிருக்கலாம். எனக்கு நிஜமாவே தெரியாது."

நாங்கள் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து இழைத்த வாக்கியமும் கிட்டத்தட்ட அதுதான். காகிதத்தில் அது நேர்மையாக இருந்தது. அவன் முன்னால் அதைச் சொன்னபோது போதவில்லை. அவன் திட்டியிருந்தால்கூட எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் தலையை ஆட்டிவிட்டு, "இனியாவது மத்த புள்ளைங்களுக்குக் குடுப்பீங்களா?" என்று கேட்டான்.

"கேக்கறேன். இந்தக் காயிதத்துலயே கேக்கறேன்."

"அந்த வரிய அழிச்சிராதீங்க" என்றான். பிறகு தூறலில் இறங்கிப் போனான்.

மறுநாள் காலையில் டாக்டரம்மா இங்கிலீஷ்ப் பிரதியை எழுதிக்கொண்டுவந்திருந்தார். மூன்றாவது வாக்கியம் அப்படியே இருந்தது. கீழே ஒன்று சேர்த்திருந்தார்: அந்தப் பெண்களிடம் இதை முன்கூட்டியே விளக்கிச் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும். கடைசியில், அடுத்த கட்டத்தில் முதல் வேலையாக மாத்திரை கிடைக்காத லயங்கள் எல்லாவற்றுக்கும் கொடுக்க வேண்டும், குழந்தைகளின் எடையைப் பற்றிய கேள்வியை வேறு விதமாகத்தான் ஆராய வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

"அவங்க பணத்தை நிறுத்திட்டா?" என்று கேட்டேன்.

"நிறுத்தட்டும்."

பதில் வரப் பல வாரம் ஆயிற்று. இந்த முறை அவர்களுக்குப் புரிந்திருந்தது. மிகவும் தெளிவான சுருக்கம் என்று பாராட்டியிருந்தார்கள். மாத்திரையால் தாய்மார்களுக்கு ரத்தம் ஏறுவது தெரிந்துவிட்டதால் எங்கள் வேலை நல்லபடியாக முடிந்ததாகக் கருதுகிறோம். இனி மாத்திரை வழங்குவது உங்கள் நாட்டு அரசாங்கத்தின் பொறுப்பு. எங்கள் நிதி புதிய கேள்விகளுக்கு மட்டும் என்று எழுதியிருந்தார்கள். கூடவே அவர்களுடைய பத்திரிகையும் வந்தது. கொழுந்துக் கூடையோடு ஒரு பெண் சிரிக்கும் படம். எங்கள் மலையே இல்லை, வேறெங்கோ எடுத்தது. அதன் கீழே எங்கள் சுருக்கம். தாய்மார்கள் வலுவடைந்தார்கள் என்று இருந்தது. கொடுக்காத பாதியைப் பற்றிய வரி இல்லை. எங்களுக்குத் தெரியவில்லை என்று நாங்கள் சொன்னதும் இல்லை. இடம் போதாமல் சுருக்கியதாகக் கீழே சிறிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

டாக்டரம்மா அந்தப் பத்திரிகையைக் கிழிக்கவில்லை, எறியவும் இல்லை. மடித்துக் கவரில் வைத்து, உட்கார்ந்து ஒரு பதில் எழுதினார். முழுச் சுருக்கத்தையும் போட வேண்டும், போடாவிட்டால் எங்கள் பெயரை எடுத்துவிட வேண்டும் என்று கேட்டார். அதற்குப் பதிலே வரவில்லை. பிறகு தமிழ்ப் பிரதியை எடுத்துக்கொண்டு அவரே ஊட்டிக்குப் போனார். சுகாதார அதிகாரியின் அறைக்கு வெளியே பெஞ்சில் பல தடவை உட்கார்ந்தார். கடைசியில் அந்த லயங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் வழியாக மாத்திரை அனுமதி ஆயிற்று. நான்தான் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். சில மாதம் ஒழுங்காக வந்தது. பிறகு ஸ்டாக் இல்லை என்றார்கள். அப்புறம் வந்தது, அப்புறம் நின்றது. எனக்கு ஆய்வுச் சம்பளமும் நின்றிருந்தது. டாக்டரம்மா என்னை ஆஸ்பத்திரியில் பெயர் பதியும் வேலைக்குச் சேர்த்துவிட்டார்.

முதல் தடவை மாத்திரை கொண்டுபோனபோது அவனைத் தேடினேன். பணம் வராமல் போனதையும் பத்திரிகையில் அந்த வரியை எடுத்துவிட்டதையும் அவனிடம் சொல்லியாக வேண்டும் என்று நினைத்தேன். மலையில் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தான். கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"எடுத்திட்டாங்களா?"

"ஆமாண்ணே. நாங்க எழுதித்தான் அனுப்பினோம். அவங்க எடுத்திட்டாங்க."

"ம்" என்றான். மாத்திரைப் பொட்டலத்தைப் பார்த்தான். "இது எங்க லயத்துக்கா?"

"ஆமா."

"அப்ப சீக்கிரமா கொண்டு போங்க தங்கச்சி. நாலாங் காம்பராப் பொண்ணு முழுகாம இருக்கு. இன்னைக்கு வேலைக்கு வரல, தலைச்சுத்தா இருக்குன்னு படுத்துக் கெடக்கு."

அவன் கவாத்துக்குத் திரும்பினான். நான் லயத்துக்கு இறங்கினேன். நாலாவது காம்பராவின் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். உள்ளே யாரோ சிரமப்பட்டு எழுந்து வரும் சத்தம் கேட்டது.